முழங்கையிலிருந்து தொடங்குங்கள்: லேப்டாப் கழுத்துவலிக்கும் தலைவலிக்கும் ஒரு வீட்டு ஏற்பாடு

என் சித்தி மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறாள். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஏழாகிவிடும். சென்ற வருடம் போனில், “அக்கா, கண்ணு பவர் ஏறிடுச்சாட்ட இருக்கு, தினமும் சாயங்காலம் வலது கண்ணுக்குப் பின்னால வலிக்குது” என்றாள். கண் மருத்துவர் பவர் மாறவில்லை என்று சொல்லிவிட்டார். தைலம், மாத்திரை, மறுநாள் மறுபடி வலி என்று இரண்டு மாதம் ஓடியிருந்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அங்கே என்ன அளந்தோம், எதை மாற்றினோம், எது சரிப்படவில்லை என்பதையே இங்கே எழுதுகிறேன். உங்கள் அளவுகள் வேறாக இருக்கும். செய்யும் வரிசை அதேதான்.

கழுத்து வலி கண்ணுக்கு எப்படிப் போகிறது

பிடரியில் மண்டையோடு முடியும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அங்கே தலையைப் பிடித்து நிறுத்தும் குட்டித் தசைகள் இருக்கின்றன. தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ, அதாவது ஒரு ஐந்து கிலோ அரிசிப் பை. அது தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை இந்தத் தசைகளுக்குப் பெரிய வேலை இல்லை. தலையை முன்னால் நீட்டி, மோவாயைத் தூக்கித் திரையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் இருந்தால் அவை சுருங்கிய நிலையிலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தியும், நெற்றி, கண் பகுதியிலிருந்து வரும் ட்ரைஜெமினல் நரம்பின் செய்தியும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. இரண்டு ஊர்த் தபாலும் ஒரே ஆபீஸில் கலந்துவிடுவது மாதிரி. அதனால் பிடரியில் கிளம்பிய வலி நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ இருப்பதாகத் தெரிகிறது.

உங்கள் தலைவலி இந்த வகைதானா என்று ஓரளவு ஊகிக்கலாம். வலி பிடரியில் தொடங்கி மேலே ஏறும், பெரும்பாலும் ஒரே பக்கம் இருக்கும், கழுத்தைத் திருப்பினால் கூடும், ஒரு பக்கம் திரும்புவது மறுபக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் அழுத்தினால் “ஆமாம், இதே வலிதான்” என்று தோன்றும். விண்விண்ணென்று துடிப்பது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போவது இவையெல்லாம் மைக்ரேன் பக்கம் கைகாட்டுபவை. ஆனால் மைக்ரேன் உள்ளவர்களுக்கும் கழுத்து வலிப்பது சகஜம், இரண்டும் கலந்தும் வரும். ஆகவே இது ஊகம் மட்டும்தான், நோய்க்குப் பெயர் வைக்கும் வேலை மருத்துவருடையது.

நாற்காலியை நகர்த்துவதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை மரத்துப்போவது அல்லது பிடி தளர்ந்து பொருள் நழுவுவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி: இவற்றில் எது இருந்தாலும் மேசையைச் சரிசெய்து பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் சொன்ன இரண்டுக்கும், பேச்சுக் குழறலுக்கும் அந்த மணி நேரமே போக வேண்டும்.

முதலில் அளந்தது

எல்லோரும் திரையிலிருந்து தொடங்குவார்கள். “லேப்டாப்பைக் கண் உயரத்துக்குத் தூக்கு” என்பது இன்று யாருக்கும் தெரிந்த அறிவுரை. அவளும் ஒரு ஸ்டாண்டு வாங்கி, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, கையை மார்பு உயரத்துக்குத் தூக்கித் தட்டச்சு செய்து பார்த்திருக்கிறாள். இரண்டு நாளில் தோள் எரிந்தது. ஸ்டாண்டு பரணுக்குப் போய்விட்டது.

லேப்டாப்பில் கோளாறு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியாக வைத்தால் கண்ணுக்குப் பள்ளமாகிவிடும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் கைக்கு மேடாகிவிடும். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் இல்லாமல் இதற்கு வழி கிடையாது. வயர் உள்ள சாதாரண ஜோடி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். முழு ஏற்பாட்டிலும் நாங்கள் காசு கொடுத்து வாங்கியது இது ஒன்றுதான்.

அவள் உயரம் 157 செ.மீ. உட்கார்ந்திருந்தது கையுள்ள பிளாஸ்டிக் சேரில், அதன் இருக்கை தரையிலிருந்து 42 செ.மீ. மேசை டைனிங் டேபிள், உயரம் 76 செ.மீ. தோளைத் தொங்கவிட்டு, முழங்கையை விலாவோடு வைத்து மடக்கச் சொன்னேன். முழங்கை தரையிலிருந்து 64 செ.மீ. உயரத்தில் இருந்தது. மேசைமேல் இருந்த லேப்டாப்பின் கீபோர்டோ 78 செ.மீ.

14 செ.மீ. வித்தியாசம். கதையே இதில்தான் இருக்கிறது. முழங்கையைவிட அவ்வளவு உயரத்தில் தட்டச்சு செய்ய வேண்டுமானால் நாள் முழுக்கத் தோளைக் காதுப் பக்கம் தூக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் சாய்ந்து, முன்னங்கையை மேசைமேல் போட்டு, தலையை நீட்டிக்கொள்ள வேண்டும். அவள் இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருந்தாள். தோள்பட்டையைத் தூக்கும் தசை பிடரிவரை போகிறது. திரையை எவ்வளவு அழகாகத் தூக்கி வைத்தாலும் அந்தத் தசைக்கு ஓய்வு கிடைத்திருக்காது.

நம் வீடுகளில் இருக்கும் சாப்பாட்டு மேசைகள் 75 செ.மீ. பக்கம்தான் இருக்கும். சராசரி உயரமுள்ள பெண்களுக்கு, பல ஆண்களுக்கும்கூட, சாதாரண நாற்காலியோடு சேர்த்துப் பார்த்தால் அது தட்டச்சுக்கு உயரம். ஆகவே முதல் அளவு முழங்கை. அதைத் தீர்த்த பிறகு கால், அதற்கும் பிறகுதான் திரை.

முதல் முயற்சி, ஏன் விட்டோம்

சேரின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் புது கீபோர்டை வைத்தோம். சேர்க் கை 63 செ.மீ. உயரம் என்பதால் பலகை, கீபோர்டு எல்லாம் சேர்ந்து முழங்கைக்கு மிக அருகில் வந்துவிட்டது. காலும் தரையில் நன்றாகப் பதிந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை.

மூன்று நாள்தான். பால்காரர் வந்தாலும், குக்கர் விசில் அடித்தாலும், கூரியர் வந்தாலும் பலகையைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் எழ முடியும். அதனால் அவள் எழுவதையே குறைத்துக்கொண்டாள், அது இன்னும் மோசம். தனியாக ஒரு மூலையில், யாரும் அடிக்கடி கூப்பிடாமல் வேலை செய்பவருக்கு இந்தப் பலகை முறை நல்லது. பலகைக்கு அடியில் ரப்பர் விரிப்பை ஒட்டிக்கொண்டால் வழுக்காது.

நிலைத்த ஏற்பாடு

மேசையை இறக்க முடியாவிட்டால் ஆளை ஏற்ற வேண்டும். வீட்டில் கையில்லாத பிளாஸ்டிக் சேர்கள் இருந்தன. ஒரே மாதிரி இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகினால் உறுதியாக நிற்கும், அவர்களிடம் இருந்த மாடலில் 6 செ.மீ. உயர்ந்தது. அதன்மேல் பழைய பஞ்சு மெத்தையில் வெட்டித் தைத்த கெட்டியான திண்டு, உட்கார்ந்து அமுங்கிய பிறகு 5 செ.மீ. இருக்கை 53-க்கு வந்தது, முழங்கை 75-க்கு. மேசைமேல் வைத்த கீபோர்டின் உயரம் 78. மூன்று செ.மீ. வித்தியாசம் பெரிதில்லை. மென்மையான ஸ்பாஞ்ச் திண்டு வேண்டாம், ஒரு மணி நேரத்தில் அமுங்கி அளவெல்லாம் பொய்யாகிவிடும். கையுள்ள சேர்களை இப்படி அடுக்கினால் கைகள் மேசை விளிம்பில் இடித்து உங்களைப் பின்னாலேயே நிறுத்திவிடும், நீங்கள் எட்டி எட்டித் தட்டச்சு செய்வீர்கள். அதனால்தான் கையில்லாதது. உயரத்தை ஏற்றி இறக்கும் சக்கர நாற்காலி உங்களிடம் இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் தேவையில்லை, நெம்புகோலை இழுத்தால் போதும்.

ஆளை ஏற்றியதும் கால் தொங்கும். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுத்தும், உடனே உடம்பு முன்னால் சறுக்கும், முதுகு வளையும், தலை மறுபடி நீளும். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். எங்களுக்கு வேண்டியது 11 செ.மீ. கொல்லையில் கிடந்த செங்கல் படுக்கவைத்தால் ஏழரை செ.மீ. இருந்தது. நான்கு செங்கல்லின் மேல் சித்தியின் பழைய மணையைப் போட்டதும் சரியாகிவிட்டது.

இப்போது திரை. இந்த இருக்கையில் இயல்பாக உட்கார்ந்தபோது அவள் கண் தரையிலிருந்து 123 செ.மீ. மேசையில் திறந்து வைத்த லேப்டாப் திரையின் மேல்விளிம்பு 97. மேல்விளிம்பு கண்ணுக்கு நேராகவோ சில செ.மீ. கீழேயோ இருந்தால் பார்வை இயல்பாகச் சற்றே தாழ்ந்து திரையின் நடுவில் விழும். அதனால் 22 செ.மீ. தூக்கினோம். பரணிலிருந்த ஸ்டாண்டு அவ்வளவு உயரம் வராததால் தடித்த பழைய புத்தகங்களை இரண்டு அடுக்காக, நடுவே கையளவு இடைவெளி விட்டு அடுக்கினோம். பெரும்பாலான லேப்டாப்புகள் அடிப்பக்கத்தில்தான் காற்றை இழுக்கும். ஒரே அடுக்காக வைத்து அந்தத் துளைகளை மூடினால் சூடேறி மின்விசிறி கத்தும். அட்டைப்பெட்டி வேண்டாம், ஒரு நாள் நசுங்கி லேப்டாப் கீழே விழும்.

புரோக்ரெசிவ் என்று கடையில் சொல்லும் கண்ணாடி அணிபவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. கிட்டப் பார்க்கும் பகுதி அந்தக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது. திரையை உயர்த்தினால் மோவாயைத் தூக்கிப் பார்க்க நேரும், பிடரித் தசை இன்னும் சுருங்கும். நீங்கள் திரையைப் பல செ.மீ. தாழ்த்தி வையுங்கள். முடிந்தால் கம்ப்யூட்டர் தூரத்துக்கென்றே ஒரு தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஒரு கை நீளம், 50 முதல் 65 செ.மீ. இருக்கலாம். அவ்வளவு தள்ளி வைத்ததும் எழுத்து சிறிதாகிவிட்டது, அவள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். விண்டோஸில் `Settings > System > Display` போய் `Scale` என்பதை 125%-லிருந்து 150% ஆக்கினோம். பிரவுசரில் `Ctrl` அழுத்திக்கொண்டு `+` தட்டினால் போதும். தலை முன்னால் போகும் பழக்கத்தை “நிமிர்ந்து உட்கார்” என்று நூறு தடவை சொல்லிக் குறைக்க முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் தானாகக் குறையும்.

பில் கட்டு

அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று பிடிபட்டது. பில்களை இடது கைப்பக்கம் மேசையில் படுக்க வைத்திருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் தலை இடப்பக்கம் திரும்பிக் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று நான் எண்ணவில்லை. வலப்பக்கத் தசை அத்தனை தடவையும் நீண்டபடியே தலையைத் தாங்க வேண்டும். அவளுக்கு வலி வலது பக்கம் என்பதை நினைவில் வையுங்கள்.

தீர்வு ஒரு பரீட்சை அட்டை. கிளிப்பில் பில் கட்டை மாட்டி, புத்தக அடுக்கின்மேல் சாய்த்து, கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவில் வைத்தோம். நன்றாகச் சாய்வாக வைத்தால் திரையை மறைக்காது. இப்போது பில்லிலிருந்து திரைக்குப் போகக் கண்ணை ஏற்றினால் போதும், கழுத்து திரும்புவதில்லை. உண்மையைச் சொன்னால், இந்த ஏற்பாட்டில் அவளுக்கு அதிகம் உதவியது இதுதான் என்று நினைக்கிறேன். நிறைய பேர் இந்த மாதிரி ஒரு ஓரப் பார்வையை வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் வைத்த இரண்டாவது திரை, தோளில் இடுக்கிய போன் எல்லாம் இதே ரகம். போன் பேசிக்கொண்டே தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

கீபோர்டை வைக்கும்போது அதன் மொத்த நீளத்தின் நடுவைப் பார்க்காதீர்கள். வலப்பக்கம் எண் பகுதி இருப்பதால் எழுத்துகளின் நடு இடப்பக்கம் இருக்கும். `B` எழுத்து தொப்புளுக்கு நேரே வரட்டும். மவுஸ் கீபோர்டை ஒட்டியே இருக்கட்டும், அதற்காக முழங்கை விலாவை விட்டு விலகிப் போகக் கூடாது.

உட்கார்ந்தபடியே இருக்காதீர்கள்

சரியான நிலையில் உட்கார்ந்தாலும் அசையாமல் இருந்தால் வலிக்கும். கூன் போட்டு உட்காரும் எல்லோருக்கும் வலி வருவதும் இல்லை. எந்த நிலையானாலும் அரை மணி, முக்கால் மணிக்கு மேல் அதிலேயே உறைந்திருப்பதுதான் தசைக்கு ஆகாதது. மேசையில் இரண்டு லிட்டர் பாட்டில் வைத்துக்கொள்வதற்குப் பதில் ஒரு தம்ளர் மட்டும் வையுங்கள். தீர்ந்தால் எழுந்துதானே ஆக வேண்டும்?

பயிற்சி இரண்டே சொல்லிக் கொடுத்தேன். ஒன்று, சுவரில் முதுகும் பின்தலையும் படும்படி நின்று, “ஆமாம்” என்று சொல்வதுபோல் மோவாயைக் கொஞ்சமாக உள்ளிழுப்பது. பின்தலை சுவரிலேயே மேலே சறுக்க வேண்டும். பிடரி நீள்வது தெரியும். ஐந்து நொடி வைத்து விட வேண்டும், பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. தொண்டையில் இறுக்கம் வந்தால் அதிகமாக அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, வலி வலப்பக்கம் என்றால் வலது கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, தலையை இடது அக்குளைப் பார்ப்பதுபோல் திருப்பிக் குனிவது. இழுவை தெரியும் இடத்தில் இருபது நொடி நிறுத்த வேண்டும். இழுவை தெரியலாம், வலி ஏறக் கூடாது, கை மரக்கவும் கூடாது.

சலூனில் கழுத்தைச் சொடுக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகப் போகிறது. திடீர்த் திருகலில் அதன் உட்சுவர் கிழிவது அபூர்வம்தான், ஆனால் கிழிந்தால் பக்கவாதத்தில் முடியலாம்.

மாத்திரையையும் எண்ணுங்கள். தலைவலிக்காரர்கள் பாராசிட்டமால் போன்ற சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கலாம். கலவை மாத்திரைகளுக்குப் பத்து நாளே அதிகம். சித்தி மகள் சாதாரண மாத்திரையை மாதம் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

எப்போது தெரியும்

முதல் வாரம் “இப்ப முதுகு நடுவுல வலிக்குதுக்கா” என்று போன் வந்தது. இது வரும். இத்தனை நாள் சும்மா இருந்த தசைகள் வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றன, பத்து நாளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் இருக்கை தவறு. இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள்.

தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, தலைவலி வந்த நாளில் அந்தத் தாளில் ஒரு புள்ளி வைத்துப் பத்திரப்படுத்தச் சொன்னேன். ஞாபகத்தை நம்பக் கூடாது, வலி இல்லாத நாளை யாரும் எண்ணுவதில்லை. முன்பு வாரம் ஐந்து நாள் என்று இருந்தது. மூன்றாவது வாரம் இரண்டு புள்ளி. மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற அவசரத்தில் நான்காக ஏறியது, ஏப்ரலில் வாரத்துக்கு ஒன்று என்று இறங்கியது. நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஒழுங்காகச் செய்தும் புள்ளிகள் குறையாவிட்டால் அந்தத் தாள்களோடு மருத்துவரிடம் போங்கள், வேறு காரணம் இருக்கக்கூடும்.

மணை மட்டும் இப்போது அங்கே இல்லை. ஆடி வெள்ளிக்குச் சாமிக்குக் கோலம் போட உட்கார வேண்டும் என்று சித்தி எடுத்துக்கொண்டு போய்விட்டார். செங்கல்லின்மேல் இப்போது பழைய சப்பாத்திப் பலகை இருக்கிறது. அளந்து பார்த்தேன், ஒரு செ.மீ. குறைவு. மடித்த சாக்கு ஒன்றைப் போட்டிருக்கிறாள்.